ஊசி போட்டதும் வளர்த்தி குறைந்துவிட்டது என்று கலங்கும் பெற்றோருக்கு



ஆறு ஏழு வயதில் உங்கள் மகளுக்கு மார்பு மொட்டு விட்டது. ரத்தப் பரிசோதனை, கை எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் முடிந்து, இது மூளையே முன்கூட்டித் தொடங்கிவைத்த பூப்பு என்று உறுதியானது. மாதம் ஒருமுறை லூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின் ஊசி போடத் தொடங்கினார்கள். உயரம் குன்றிப்போகாமல் இருக்கத்தான் இந்த ஊசி என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. ஓராண்டு கழித்துச் சுவரில் நிறுத்தி அளந்து பார்க்கிறீர்கள். போன ஆண்டு ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்தவள், இந்த ஆண்டு ஐந்தரைதான் வளர்ந்திருக்கிறாள். “உயரத்துக்குன்னு போட்ட ஊசி உள்ள வளர்த்தியையும் கெடுத்துடுச்சே” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாமா, அடியோடு நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

நிறுத்திவிட்டு வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் அக்கறையில்லாதவர்கள் அல்லர். அளவுகோல் காட்டியதை நம்பினார்கள். குழந்தைகளின் ஹார்மோன் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், அந்த அளவுகோல் காட்டாத இன்னொரு கணக்கை உங்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் உயரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கை கால்களின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது. வளர்ச்சித் தட்டு என்கிறோம். அதிலுள்ள செல்கள் பெருகிப் பெருகி எலும்பாக மாறுவதால்தான் கால் நீள்கிறது. இந்தச் செல்கள் எத்தனை முறை பெருகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லை நெருங்க நெருங்கத் தட்டு மூப்படைகிறது, வளர்ச்சி மெதுவாகிறது. கடைசியில் தட்டே எலும்பாகி மூடிவிடுகிறது. அதன் பிறகு எந்தச் சத்துணவும், எந்த உடற்பயிற்சியும், எந்த மருந்தும் காலை நீட்டாது.

பூப்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இந்தத் தட்டில் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. வளர்ச்சியை வேகப்படுத்துகிறது, தட்டின் மூப்பையும் வேகப்படுத்துகிறது. விளக்கில் திரியைத் தூண்டிவிடுவது போல. வெளிச்சம் கூடும், எண்ணெய் சீக்கிரம் தீரும். பன்னிரண்டு வயதில் இது நடந்தால் அதுவே இயல்பு. அதற்குள் பல ஆண்டுகள் நிதானமாக வளர்ந்து முடித்திருப்பாள். ஆறு வயதில் நடந்தால், வகுப்பிலேயே உயரமானவளாக இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றுவிட்டு, பத்து வயதில் வளர்ச்சி முடிந்து, பிறகு தோழிகள் ஒவ்வொருவராகத் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்ப்பாள்.

ஈஸ்ட்ரோஜன்தான் தட்டை மூடுகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று ஓர் ஆணிடமிருந்து கிடைத்தது. 1994-இல் அமெரிக்க மருத்துவர்கள் 28 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். பிறவியிலேயே அவருடைய செல்களுக்கு ஈஸ்ட்ரோஜனை உணரும் ஆற்றல் இல்லை. ஆண் ஹார்மோன் போதுமான அளவு இருந்தும், அவருடைய வளர்ச்சித் தட்டுகள் மூடவில்லை. 204 சென்டிமீட்டர் உயரத்தில் அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்புகள் பதினைந்து வயதுப் பையனுடையவைபோல் இருந்தன. ஆண்களிலும் தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது அதோடு உறுதியானது. அவர்களுடைய ஆண் ஹார்மோனில் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது.

உங்கள் மகளுக்குப் போடும் ஊசி, இந்த ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அதன் தலைமடையிலேயே நிறுத்துகிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஒரு சிறு ஹார்மோனைத் துடிப்புத் துடிப்பாக வெளியிடுகிறது. பிட்யூட்டரிச் சுரப்பி அந்தத் துடிப்பைக் கேட்டு எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. 1978-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் குரங்குகளில் ஒன்றைக் கண்டார்கள். அந்த மூளை ஹார்மோனை மணிக்கொரு முறை கொடுத்தால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதையே இடைவிடாமல் கொடுத்தால் செயலடங்கிப் போனது. சுரப்பிக்கு வேண்டியது துடிப்பு. விடாமல் வரும் செய்திக்கு அது செவிசாய்ப்பதில்லை. ஊசியில் இருப்பது அந்த மூளை ஹார்மோனின் நீடித்து நிற்கும் மாற்றுருதான். 1981-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள், முன்கூட்டிப் பூப்படைந்த சில சிறுமிகளுக்கு இதைக் கொடுத்துப் பூப்பு அடங்கியதை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு கொடுத்துவந்த மருந்துகள் மாதவிடாயை நிறுத்தின, ஆனால் உயரத்தைக் காப்பாற்றவில்லை.

இந்த வேலைமுறை தெரிந்தால் முதல் மாதத்துப் பயம் ஒன்று தீரும். செயலடங்குவதற்கு முன் பிட்யூட்டரி சில நாள் கூடுதலாகத் தூண்டப்படும். அதன் பிறகு ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும்போது, முதல் ஊசிக்குப் பின் சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு ஒருமுறை ரத்தப்போக்கு வரலாம். ஊசியால் பெரியவளாகிவிட்டாள் என்று பதற வேண்டாம். அது மறுபடி வரக்கூடாது. இரண்டு மூன்று மாதம் கழித்தும் வந்தால் அது வேறு செய்தி, உடனே சொல்ல வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்ட பிறகு வளர்ச்சி ஏன் குறைகிறது?

ஒரு காரணம் எளிது. போன ஆண்டின் ஒன்பது சென்டிமீட்டர் அவளுடைய சொந்த வேகம் அல்ல, ஈஸ்ட்ரோஜன் தூண்டிவிட்ட வேகம். தூண்டுதல் நின்றதும் குழந்தைப்பருவ வேகத்துக்கு, அதாவது ஆண்டுக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டருக்கு, இறங்குகிறது. ஆனால் சில குழந்தைகள் அதற்கும் கீழே போவதுண்டு. அங்கேதான் பெற்றோர் மருந்தின் மேல் பழி போடுகிறார்கள். அதே அமெரிக்க நிறுவனத்தில் இந்தச் சிகிச்சையில் இருந்த சிறுமிகளின் வளர்ச்சி வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்து 2004-இல் எழுதினார்கள். சிகிச்சை தொடங்கும்போது எலும்பு எவ்வளவு முன்னேறியிருந்ததோ, அந்த அளவுக்குச் சிகிச்சையின்போது வளர்ச்சி மெதுவாக இருந்தது. ஊசிக்கு முந்தைய மாதங்களிலேயே தட்டு மூப்படைந்துவிட்டது. அந்த இழப்பு இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. தட்டின் இளமையை ஊசி திருப்பித் தராது. மேற்கொண்டு மூப்படைவதை மட்டும் தடுக்கும். நீங்கள் அளவுகோலில் பார்க்கும் குறைவு, பெரும்பாலும் ஊசிக்கு முன்பு கழிந்த காலத்தின் கணக்கு.

இதை எண்களில் வைத்துப் பார்க்கலாம். நான் சொல்லப்போகும் சிறுமி விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவள். ஆனால் இப்படிப்பட்ட எண்களோடுதான் குழந்தைகள் வருகிறார்கள்.

அவளுக்கு ஆறரை வயது. ஐந்தரை வயதில் மார்பு மொட்டு தெரிந்தது. சதைதான் என்று ஓர் ஆண்டு போய்விட்டது. இப்போது உயரம் 127 சென்டிமீட்டர். அவள் வயதுக்கு நல்ல உயரம், பார்ப்பவர்கள் பாராட்டும் உயரம். அப்பா 168, அம்மா 155. பெண் குழந்தைக்குப் பெற்றோர்வழி உயரத்தைக் கணிக்க இருவர் உயரத்தையும் கூட்டி, 13 கழித்து, இரண்டால் வகுக்கிறோம். 155 வருகிறது. அதற்குச் சில சென்டிமீட்டர் கூடவோ குறையவோ அவள் வளர வேண்டியவள்.

இடது கையை எக்ஸ்ரே எடுக்கிறோம். விரல், மணிக்கட்டு எலும்புகளின் வடிவத்தை ஒரு படத்தொகுப்போடு ஒப்பிட்டு எலும்பின் வயதைச் சொல்கிறோம். இவளுடைய எலும்பு வயது 10. பிறந்த கணக்கில் ஆறரை, எலும்புக் கணக்கில் பத்து. 1952-இல் பெய்லி, பின்னோ என்ற இருவர் வெளியிட்ட அட்டவணையை இன்றும் பயன்படுத்துகிறோம். எலும்பு வயது 10 ஆன பெண், தன் முழு உயரத்தில் சராசரியாக 86.2 விழுக்காட்டை எட்டிவிட்டாள் என்கிறது அது. 127-ஐ 0.862-ஆல் வகுத்தால் 147.3. இன்று உயரமாக நிற்கும் இந்தக் குழந்தை, இப்படியே விட்டால் 147-ல் நிற்பாள் என்பது கணிப்பு.

இப்போது ஓராண்டை இரண்டு விதமாக ஓட்டிப் பார்ப்போம்.

ஊசி போடவில்லை என்றால் இன்னும் 9 சென்டிமீட்டர் வளர்ந்து 136 ஆகிறாள். வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் அதே ஓராண்டில் எலும்பு வயது இரண்டு ஆண்டு ஓடி 12 ஆகிறது. அந்த வயதுக்கு அட்டவணை சொல்லும் விழுக்காடு 92.2. வகுத்துப் பார்த்தால் 147.5. ஒன்பது சென்டிமீட்டரும் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்ததுதான். முடிவு உயரத்தில் ஒன்றும் கூடவில்லை. எட்டு வயது நிரம்பும் முன்பே முழு உயரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தீர்ந்துவிட்டது. மாதவிடாயும் நெருங்கிவிட்டது.

ஊசி போட்டால் 5.5 சென்டிமீட்டர்தான் வளர்ந்து 132.5 ஆகிறாள். எலும்பு வயது ஆறு மாதம் மட்டும் நகர்ந்து பத்தரைக்கு வருகிறது. விழுக்காடு 88.4. வகுத்தால் 149.9.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊசி போட்ட குழந்தை அளவுகோலில் 3.5 சென்டிமீட்டர் குறைவு. முடிவு உயரக் கணிப்பில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். நீங்கள் அளக்க வேண்டியது ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தாள் என்பதை மட்டும் அல்ல. அந்த வளர்ச்சிக்கு எலும்பு எவ்வளவு வயதைக் கொடுத்தது என்பதையும் சேர்த்துத்தான். ஓராண்டில் எலும்பு வயது ஓராண்டுக்கும் குறைவாக நகர்ந்தால், சிகிச்சை தன் வேலையைச் செய்கிறது.

இப்படியே பதினோரு வயது வரை தொடர்ந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் 5, 4.5, 4, கடைசி அரையாண்டில் ஒன்றரை என்று வளர்ந்தால் 147.5-ல் நிற்பாள். எலும்பு வயது 12. ஊசி இல்லாமல் வாழ்நாள் முழுக்க எட்டியிருக்கக்கூடிய உயரத்தை, வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே தொட்டுவிட்டாள். அட்டவணைப்படி 160 வருவாள் என்று கணக்கு காட்டும். அதை நம்பி ஆசைப்படாதீர்கள். சிகிச்சை எடுத்த குழந்தைகளில் ஊசியை நிறுத்திய பிறகு வரும் வளர்ச்சி, அட்டவணை சொல்வதைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம். இன்னும் ஆறேழு சென்டிமீட்டர் வளர்ந்து 153, 154-ல் நிற்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயம். 147-க்கும் 154-க்கும் இடையிலுள்ள அந்த ஏழு சென்டிமீட்டர்தான் நாலரை ஆண்டு ஊசியின் பலன்.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எலும்பு வயதை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் ஆறு மாதம் வேறுபடுவது சாதாரணம். மேலே சொன்ன சிறுமியின் எலும்பு வயதை ஒருவர் பத்துக்குப் பதிலாக ஒன்பதரை என்று சொன்னால், கணிப்பு 147-லிருந்து 150-க்கு மேல் போய்விடும். எக்ஸ்ரேயைப் பார்க்கும் கண் மாறியதாலேயே மூன்று சென்டிமீட்டர் மாறுகிறது. ஆகவே ஒரே ஓர் அறிக்கையை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே மருத்துவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எலும்பு உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

இது வெறும் தாள் கணக்கா, வளர்ந்து முடித்த பிள்ளைகளிடம் காணப்பட்டதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஊசி வருவதற்கு முன்பு, 1960-களில் டென்மார்க்கிலும் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலும் பதிவான பிள்ளைகளில், சிகிச்சையில்லாமல் வளர்ந்து முடித்த பெண்களின் சராசரி உயரம் 151-லிருந்து 153 சென்டிமீட்டர், ஆண்களுடையது 155, 156 அளவில் இருந்தது. அந்த நாட்டு மக்களின் உயரத்துக்கு இது பெரிய குறைவு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2001-இல் தன்னிடம் நீண்டகாலம் ஊசி எடுத்து முழு உயரத்தை அடைந்த 98 பேரின் அளவுகளை வெளியிட்டது. அவர்களில் பெண்கள் 80 பேர். தொடக்கத்தில் அந்தப் பெண்களுக்குக் கணித்த உயரம் சராசரியாக 149, அடைந்தது ஏறத்தாழ 160. பெற்றோர்வழிப்படி வந்திருக்க வேண்டியதோ 164-க்கு அருகில். பத்து சென்டிமீட்டர் மீண்டது, நான்கு மீளவில்லை. சிகிச்சையைத் தாமதிக்காமல் தொடங்கியவர்களும், எலும்பு அதிகம் முன்னேறும் முன்பே வந்தவர்களும் கூடுதலாக மீட்டார்கள்.

இவை சீட்டுக் குலுக்கிப்போட்டு, ஒரு பாதிக்கு ஊசி, மறு பாதிக்கு ஊசியில்லை என்று செய்த ஆய்வுகள் அல்ல. கணித்த உயரத்தோடும் பழைய பதிவுகளோடும் ஒப்பிட்டவை. கணிப்பில் உள்ள பிழை இதிலும் உண்டு. ஆனால் நான்கு ஐந்து வயதில் பூப்புத் தொடங்கிய குழந்தைகளில் பலன் மிகப் பெரிதாக இருப்பதால், 2009-இல் அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தை ஹார்மோன் மருத்துவர்கள் கூடி ஒருமித்த கருத்தை வெளியிட்டபோது, ஆறு வயதுக்கு முன் தொடங்கிய பெண் குழந்தைகளுக்கு உயரம் மீள்கிறது என்பதில் ஐயம் வைக்கவில்லை. அவர்களுக்குச் சராசரியாக ஒன்பது பத்து சென்டிமீட்டர். ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் தொடங்கியவர்களுக்குப் பலன் இதில் பாதி அளவு, குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். அந்த வயதில் சிலருக்குப் பூப்பு தொடங்கினாலும் மெதுவாகவே நகரும், எலும்பு அதிகம் ஓடாது. அவர்கள் எந்த ஊசியும் இல்லாமலே பெற்றோர்வழி உயரத்தை அடைகிறார்கள். ஆகவே ஏழு வயதுக் குழந்தைக்கு உடனே ஊசி எழுதாமல், “மூன்று முதல் ஆறு மாதம் பார்ப்போம்” என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல. பூப்பின் வேகத்தை அளக்க அந்தக் காலம் தேவை.

எட்டு வயதை ஒட்டித் தொடங்கினால் கதை வேறு. இத்தாலியில் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் பூப்புத் தொடங்கிய சிறுமிகளை உண்மையிலேயே சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆய்வு செய்து 1999-இல் வெளியிட்டார்கள். ஊசி எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் முடித்தார்கள். ஒன்பது வயது மகளை அழைத்து வந்து “எப்படியாவது கொஞ்சம் உயரம் ஏத்திக் கொடுங்க” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இந்த ஊசியை மறுப்பது இதனால்தான். பூப்பு சரியான வயதில் வந்து, உயரம் மட்டும் குறைவான பிள்ளைகளுக்கும் இதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வு 2003-இல் வெளியானது. மூன்றரை ஆண்டு சிகிச்சைக்குச் சராசரியாக நான்கு சென்டிமீட்டர் கூடியது. அதற்கு விலையாக, எலும்பு உறுதிப்பட வேண்டிய வயதில் எலும்பின் அடர்த்தி குறைந்தது. அந்த ஆய்வாளர்களே இதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. முன்கூட்டிப் பூப்படைந்து ஊசி எடுக்கும் சிறு குழந்தைகளிலும் அடர்த்தி சற்றுக் குறையலாம். ஊசியை நிறுத்திப் பூப்பு தொடர்ந்ததும் அது ஈடாகிவிடுகிறது.

வளர்ச்சி குறைவது எல்லாமே இயல்பு என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க நான் விரும்பவில்லை. எலும்பு வயது அவ்வளவாக முன்னேறாத குழந்தை ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டருக்கும் கீழே போனால், ஊசியை நிறுத்துவதற்குப் பதில் காரணத்தைத் தேட வேண்டும். தைராய்டு குறைவைப் பார்க்க வேண்டும். மூளையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் பூப்பு முந்துவதும், வளர்ச்சி ஹார்மோன் குறைவதும் சேர்ந்தே வரும். பூப்பின் வேகம் அந்தக் குறைவை மூடி மறைத்திருக்கும். ஊசி போட்ட பிறகே அது வெளிப்படும்.

அதற்கு நேர் எதிரான ஆபத்தைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை. ஊசி போட்டும் ஆண்டுக்கு எட்டு ஒன்பது சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே இருந்தால் மகிழ்கிறார்கள். அப்போதுதான் கவலைப்பட வேண்டும், ஏனென்றால் பூப்பு அடங்கவில்லை. மார்பு மேலும் பெரிதாகிறதா, எலும்பு வயது பாய்கிறதா என்று பார்க்கிறோம். ஊசிக்குப் பின் குறித்த நேரத்தில் ரத்தம் எடுத்து எல்.எச். அடங்கியிருக்கிறதா என்று சரிபார்க்கிறோம். அடங்காததற்குக் காரணம் பெரும்பாலும் நாள் தள்ளிப்போனதுதான். 3.75 மில்லிகிராம் ஊசி நான்கு வாரத்துக்கு உரியது. ஊருக்குப் போனோம், திருவிழா வந்தது, பரீட்சை வந்தது என்று ஆறு வாரம் ஆனால், பிட்யூட்டரி மறுபடி விழித்துக்கொள்கிறது. பிறகு போடும் ஊசி அதை மீண்டும் ஒருமுறை தூண்டிவிட்டுத்தான் அடக்கும். தள்ளித் தள்ளிப் போடும் ஊசியால் குழந்தைக்கு வலியும் மிஞ்சும், ஈஸ்ட்ரோஜனும் மிஞ்சும். மாதந்தோறும் வர முடியாதவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 11.25 மில்லிகிராம் ஊசி உண்டு. அதைக் கேளுங்கள். மருந்தைப் போடுபவரும் கவனமாக இருக்க வேண்டும். பொடியை அதற்குரிய நீர்மத்தில் நன்றாகக் கலந்து, கலந்தவுடனே போட வேண்டும். ஆற விட்டால் அடியில் படிந்து பாதி மருந்து குப்பியிலேயே நின்றுவிடும்.

அந்தரங்கப் பகுதியில் முடி வளர்வது நிற்கவில்லையே என்பதும் பலர் கேட்பது. அது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் வேலை. இந்த ஊசிக்கு அதன் மேல் அதிகாரம் இல்லை. முடி மட்டும் கூடினால் ஊசி தோற்றதாகப் பொருளில்லை.

மகன்களைப் பற்றியும் சிறிது. ஆண் குழந்தைகளில் ஒன்பது வயதுக்கு முன் விதைகள் பெரிதாகத் தொடங்குவதே அறிகுறி. பெண்களைவிட மிகக் குறைவாக வருவது. வந்தால் மூளையில் காரணம் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. அதனால் அவர்கள் அனைவருக்கும் மூளை ஸ்கேன் தேவை. உயரத்தில் அவர்கள் இழப்பதும் அதிகம், மீட்பதும் அதிகம். மேலே சொன்ன அமெரிக்கப் பதிவில் இருந்த 18 ஆண்களுக்குக் கணிப்பு 156, அடைந்தது 171.

நிறுத்தும் காலம் வரும். பெண் குழந்தைகளுக்கு வயது பதினொன்றை ஒட்டி, எலும்பு வயது பன்னிரண்டு, பன்னிரண்டரை ஆகும்போது பேச வேண்டும். இன்னும் ஓராண்டு போட்டால் இன்னும் கொஞ்சம் உயரம் வருமா என்று அப்போது கேட்பீர்கள். முன்பு நிறுத்தாதீர்கள் என்று சொன்ன நானே அப்போது நிறுத்துங்கள் என்பேன். எலும்பு வயது அந்த இடத்துக்கு வந்த பிறகு ஊசி காக்கும் இடம் குறுகிவிட்டது. தோழிகள் பூப்படையும்போது அவளும் பூப்படைவதும் அவளுக்குத் தேவை. கடைசி ஊசிக்குப் பின் சில மாதங்களில் மார்பு மீண்டும் வளரும். சராசரியாக ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் மாதவிடாய் வரும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். பின்னாளில் குழந்தைப்பேற்றுக்கு இந்த ஊசி தடையாக இருந்ததாகக் காணப்படவில்லை.

அடுத்த முறை வரும்போது இவற்றைக் கொண்டுவாருங்கள்: ஊசி போட்ட தேதிகள் எழுதிய அட்டை, எல்லா எக்ஸ்ரே படங்களும், பள்ளியில் முன்பு எடுத்த உயர அளவுகள் இருந்தால் அவையும். வீட்டில் அளப்பதானால் காலையில் எழுந்ததும், செருப்பில்லாமல், ஒரே சுவரில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதாமாதம் அளந்தால் உண்மையான வளர்ச்சியைவிட அளவுப் பிழைதான் பெரிதாகத் தெரியும். இந்த மாதத்து ஊசி நாள் தாண்டியிருந்தால், அடுத்த மாதத்துக்குக் காத்திருக்காமல் நாளையே போய்ப் போட்டுவிடுங்கள். எத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு வயதைக் கணக்கிடும்போது அந்த நாட்களையும் சேர்த்துத்தான் நாங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
குழந்தைகள் ஹார்மோன் மருத்துவர் ஒருவர்